அறுத்த பலகை கடைக்குத் திரும்பாது

மதுரைப் பக்கம் மர வேலை காண்ட்ராக்ட் எடுத்துச் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு நான்கு பெரிய வீடுகள், இடையில் சின்னச் சின்ன வேலைகள். கூடவே இரண்டு ஆட்கள். அவரும் உளி பிடிப்பவர்தான். இப்போது புதிதாகக் கட்டிய வீடு ஒன்றுக்கு மாடுலர் கிச்சன், இரண்டு வார்ட்ரோப், லாஃப்ட், டிவி யூனிட் என்று 320 சதுர அடி வேலை வந்திருக்கிறது. அடிக்கு 1,250 ரூபாய், ஆக மொத்தம் 4 லட்சம். கோட்டேஷனுக்குச் சரி சொல்லிவிட்டார்கள். ஆவணியில் கிரகப்பிரவேசம். இனி அட்வான்ஸ் கேட்க வேண்டும்.

அவர் வாட்ஸ்அப்பைத் திறந்து, ‘சார், கொஞ்சம் அட்வான்ஸ் போட்டுவிட்டால் வேலையை ஆரம்பித்துவிடலாம்’ என்று தட்டுகிறார். ‘கொஞ்சம்’ என்றால் பார்ட்டி பத்தாயிரம் போட்டுவிடுவாரோ என்று பயம் வருகிறது, அழிக்கிறார். ‘50 சதவீதம் அட்வான்ஸ் கண்டிப்பாக வேண்டும்’ என்று மாற்றுகிறார். வாசித்துப் பார்த்தால் அதட்டுகிற மாதிரி இருக்கிறது. அதையும் அழித்துவிட்டு, ‘நாளைக்குப் பேசிக்கலாம் சார்’ என்று அனுப்பிவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொள்கிறார்.

இவருக்குப் பணிவும் தெரியும், தமிழும் தெரியும். எவ்வளவு கேட்பது, ஏன் அவ்வளவு என்பது அவருக்கே இன்னும் தெளிவாகவில்லை; அதனால்தான் சொல் வரவில்லை. கணக்கு இல்லாமல் கேட்டால் கெஞ்சலாகத் தொனிக்கும், இல்லையென்றால் மிரட்டலாகத் தொனிக்கும். எனவே செய்தியை எழுதுமுன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட வேண்டும்.

எவ்வளவு கேட்பது?

இந்த வேலையின் செலவை உத்தேசமாகப் பிரிப்போம். பிளைவுட் 1,20,000 ரூபாய், மைக்கா 45,000, பசை, எட்ஜ் பேண்ட், ஸ்க்ரூ எல்லாம் சேர்த்து 15,000. ஹிஞ்ச், சேனல், கைப்பிடி, கிச்சன் கூடைகள் 50,000. கூலி வாரத்துக்கு 18,000 வீதம் ஐந்து வாரத்துக்கு 90,000. வண்டி வாடகை 10,000. கூட்டினால் 3,30,000. மிச்சமுள்ள 70,000 ரூபாயில்தான் அவருடைய உழைப்பு, பட்டறை வாடகை, மெஷின் தேய்மானம் எல்லாம் அடங்க வேண்டும். இவை ஓர் உதாரணத்துக்கான எண்கள்; ஊருக்கும் சரக்கின் தரத்துக்கும் ஏற்ப மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

இதில் எந்தச் செலவு முதல் நாளே கையை விட்டுப் போகிறது என்று பார்க்க வேண்டும். பிளைவுட், மைக்கா, பசை மூன்றும் வேலை தொடங்கும்போதே வேண்டும். மைக்காவைப் பிரித்து வாங்கினால் அடுத்த லாட்டில் நிறம் லேசாக மாறும், ஒரே அலமாரியில் இரண்டு கதவு இரண்டு நிறமாகத் தெரியும். ஆக 1,80,000 ரூபாய் முதலிலேயே போகிறது. முதல் வாரக் கூலியையும் வண்டி வாடகையில் பாதியையும் சேர்த்தால் ஏறக்குறைய 2 லட்சம். ஹிஞ்ச், சேனல் எல்லாம் மூன்றாவது வாரத்தில்தான் தேவை. அதற்கு இப்போது பணம் கேட்க நியாயமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. முழு ஷீட்டாக இருக்கும்வரை பிளைவுட் ஒரு சரக்கு. கடைக்காரர் மனது வைத்தால் திரும்ப எடுத்துக்கொள்வார், அல்லது அடுத்த வீட்டுக்குப் போகும். இந்தச் சமையலறையின் அளவுக்கு அறுத்துவிட்டால் அது இந்த வீட்டைத் தவிர வேறெங்கும் பொருந்தாது. முன்பணத்தின் அளவுக்கு அடிப்படை இதுதான்: வேலை பாதியில் நின்றால் திரும்பப் பெற முடியாதபடி எவ்வளவு செலவாகியிருக்கும்? ‘எல்லாரும் பாதி வாங்குகிறார்கள்’ என்பது காரணமாகாது. இந்த வேலையில் கணக்கு பாதியில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். பொருளைப் பார்ட்டியே வாங்கித் தந்து கூலி மட்டும் பேசிய வேலையாக இருந்தால் ஒரு வாரக் கூலியே போதுமான முன்பணம்.

பார்ட்டியின் பயம்

இந்தப் பக்கம் நியாயம் இருப்பதைப் போலவே அந்தப் பக்கமும் இருக்கிறது. அட்வான்ஸை வாங்கிக்கொண்டு போனை எடுக்காமல் போன கதை ஒவ்வொரு தெருவிலும் ஒன்று உண்டு. அப்படிப் போனவர்கள் எல்லாரும் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்லர். பெரும்பாலும் நடப்பது இது: முந்தின வீட்டில் கணக்குத் தப்பிக் கைநஷ்டம். அந்த வீட்டை முடிக்க உங்கள் அட்வான்ஸ் போகிறது. உங்கள் வீட்டுக்குச் சாமான் வாங்க அடுத்த பார்ட்டியின் அட்வான்ஸ் வர வேண்டும். அது வராத மாதத்தில் சங்கிலி அறுகிறது, அந்த நேரம் யார் வீடு நடுவில் இருக்கிறதோ அவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதற்கு அடையாளம் உண்டு. அளவெடுக்குமுன்பே பெரிய தொகை கேட்பது, பணம் வாங்கிப் பத்து நாளாகியும் ஒரு ஷீட் கூட இறங்காதது, கடை பில்லைக் காட்டத் தயங்குவது, முதல் தவணை முடியுமுன் ‘அவசரமாக ஒரு இருபது’ என்று கேட்பது. நேர்மையான காண்ட்ராக்டர் இந்தச் சந்தேகங்களுக்குக் கோபப்படத் தேவையில்லை. அவற்றுக்கான பதிலைச் செய்தியிலேயே வைத்துவிடலாம்.

2 லட்சத்தை ஒரே தடவையில் கேட்காமல் இரண்டாகப் பிரிப்பது அதில் முதல் வழி. 40,000 ரூபாய் வேலையை உறுதி செய்யவும் அளவெடுத்து வரைபடம் போடவும். மீதி 1,60,000 ரூபாய் வரைபடத்துக்கு அவர்கள் சம்மதம் சொன்ன பிறகு, சாமான் வாங்கப் போகும் நேரத்தில். சாமான் நேராக அவர்கள் வீட்டிலேயே இறங்கும், பில்லின் படம் அனுப்பப்படும். அப்போது அவர்கள் பணத்தின் பெரும்பகுதி அவர்கள் கூரையின் கீழேயே பலகையாகக் கிடக்கும். இதைவிடப் பெரிய ஜாமீன் கிடையாது.

செய்தி

இந்த வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்க்கிறார். ஊரில் இருந்து வீட்டைப் பார்த்துக்கொள்பவர் அவருடைய அப்பா. பணம் அனுப்புவது மகன், சாமான் இறங்குவதைப் பார்ப்பது அப்பா. எனவே மகனிடம் முதலில் போனில் பேசிவிட்டு, ஒரே செய்தியை இருவருக்கும் அனுப்புவது நல்லது. பேசாமல் எழுத்தில் மட்டும் பணம் கேட்டால் நம்மூரில் அது முறையாகப் படாது. பேசிவிட்டு எழுதாமல் விட்டால் ஒரு மாதம் கழித்து இருவர் நினைவும் இரண்டு விதமாக இருக்கும்.

செய்தி இப்படிப் போகலாம்:

‘வணக்கம் சார். நேற்று போனில் பேசியபடி வேலை விவரம் அனுப்பியிருக்கிறேன். அப்பாவுக்கும் இதையே அனுப்புகிறேன்.

கிச்சன், 2 வார்ட்ரோப், லாஃப்ட், டிவி யூனிட். 320 சதுர அடி, அடிக்கு ரூ.1,250. மொத்தம் ரூ.4,00,000. நீங்கள் ஒப்புக்கொண்ட கோட்டேஷன் இத்துடன் இருக்கிறது.

பிளைவுட், மைக்கா, பசை மட்டும் ரூ.1,80,000 ஆகிறது. இவற்றை முழுவதும் முதலிலேயே வாங்க வேண்டும். உங்கள் வீட்டு அளவுக்கு அறுத்த பிறகு கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். அதனால் வேலை தொடங்குமுன் ரூ.2,00,000 தேவைப்படுகிறது. இரண்டு தவணையாகத் தரலாம்:

ஜூன் 3: ரூ.40,000. மறுநாள் அளவெடுத்து, ஜூன் 8க்குள் வரைபடம் அனுப்புகிறேன்.
ஜூன் 10: ரூ.1,60,000. சாமான் ஜூன் 13 அன்று உங்கள் வீட்டில் இறங்கும். கடை பில் படம் அனுப்புகிறேன். ஜூன் 15 வேலை தொடங்கும்.

மீதி: பெட்டிகள் சுவரில் ஏறியதும் ரூ.1,20,000 (ஜூன் 27 வாக்கில்). கதவுகள் மாட்டியதும் ரூ.60,000 (ஜூலை 11). எல்லாம் முடிந்து நீங்கள் பார்த்த பிறகு ரூ.20,000 (ஜூலை 18).

இரண்டாவது தவணை தள்ளிப்போனால் பரவாயில்லை சார், பணம் வந்து ஐந்தாம் நாள் வேலை தொடங்கும். முடியும் தேதியும் அதற்கேற்பத் தள்ளும்.

சாமான் வாங்குமுன் வேலை வேண்டாம் என்றால், அளவு, வரைபடக் கூலி ரூ.5,000 போக ரூ.35,000ஐ ஒரு வாரத்தில் திருப்பித் தருகிறேன். வாங்கிய பிறகு நிறுத்தினால் சாமான் உங்களுடையது. செய்த வேலைக்கான கூலியும் வண்டி வாடகையும் போக மீதியைத் தந்துவிடுகிறேன்.

வங்கி விவரம் கோட்டேஷனின் கீழே இருக்கிறது. அனுப்புமுன் ஒரு தடவை போன் செய்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். எதையாவது மாற்ற வேண்டும் என்றாலும் சொல்லுங்கள் சார்.’

நீளமான செய்திதான். ஆனால் 4 லட்சம் தரப்போகிறவர் இதை வாசிக்கச் சலித்துக்கொள்ள மாட்டார். ‘தயவுசெய்து’ என்ற சொல் இதில் ஓர் இடத்திலும் இல்லை. ‘தவறாக நினைக்க வேண்டாம்’, ‘கேட்கவே சங்கடமாக இருக்கிறது’ போன்றவையும் இல்லை. அவற்றை எழுதினால், கேட்பது தவறான காரியம் என்று கேட்பவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். மரியாதை வேறு இடங்களில் இருக்கிறது. பெரியவருக்கும் தகவல் போகிறது. பணம் எங்கே போகிறது என்பது சொல்லப்படுகிறது. அவர்கள் பணம் தரும் ஒவ்வொரு நாளுக்கும் பதிலாக இவர் என்ன செய்வார் என்பது அதே வரியில் இருக்கிறது. வேலை வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும், அதற்கு என்ன செலவாகும் என்பதையும் கேட்காமலே எழுதியிருக்கிறார்.

தாமதத்தைப் பற்றிய வரியையும் கவனிக்க வேண்டும். ‘பணம் வராவிட்டால் வேலை தொடங்க மாட்டேன்’ என்பதும் ‘பணம் வந்து ஐந்தாம் நாள் வேலை தொடங்கும்’ என்பதும் ஒரே விஷயம். முன்னது கதவைச் சாத்துகிறது. பின்னது நாள்காட்டியை அவர்கள் கையில் கொடுக்கிறது. ஆவணி முகூர்த்தம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மீதிக் கணக்கை அவர்களே போட்டுக்கொள்வார்கள்.

கணக்கு தாங்குகிறதா?

இந்தத் தவணைகளில் யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டு நிற்கிறார் என்று ஓட்டிப் பார்க்கலாம். முதல் இரண்டு தவணையில் 2,00,000 வருகிறது. சாமானுக்கு 1,80,000, வண்டிக்கு 5,000, இரண்டு வாரக் கூலி 36,000 என்று 2,21,000 போகிறது. ஜூன் 27 அன்று, மூன்றாவது தவணை வருமுன், அவர் கைக்காசு 21,000 ரூபாய் வெளியே நிற்கிறது. ஒரு சிறு காண்ட்ராக்டர் தாங்கக்கூடிய தொகை அது. அடுத்து 1,20,000 வந்ததும் ஹிஞ்ச், சேனல், அடுத்த இரண்டு வாரக் கூலி, மீதி வண்டி வாடகை எல்லாம் அடங்கிவிடுகின்றன. கடைசி 20,000 அவர்கள் கையில் இருப்பதால், ஒட்டாத எட்ஜ் பேண்டையும் இழுபடும் டிராயரையும் சரிசெய்ய அவர் வந்துதான் ஆக வேண்டும்.

சங்கடப்பட்டுக்கொண்டு வெறும் 40,000 மட்டும் வாங்கித் தொடங்கியிருந்தால் என்ன ஆகும்? அதே ஜூன் 27 அன்று 1,81,000 ரூபாய் அவர் பொறுப்பில் நிற்கும். இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 3,620 ரூபாய். பார்ட்டி மூன்று மாதம் இழுத்தால் வட்டி மட்டும் பத்தாயிரத்தைத் தாண்டும். அந்த நெருக்கடியில்தான் அடுத்த வீட்டு அட்வான்ஸில் கை வைக்கத் தோன்றும். குறைவாகக் கேட்பது பெருந்தன்மை போலத் தெரிந்தாலும், முன்னே சொன்ன சங்கிலியின் முதல் கண்ணி அங்கேதான் விழுகிறது.

பதில் வராவிட்டால்

செய்தியைக் கோட்டேஷன் முடிவான மறுநாளே அனுப்புவது நல்லது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்று கேட்டால் எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் கழுத்தில் கத்தி வைத்த மாதிரிதான். தவணை நாள் குறிக்கும்போது செவ்வாய், வெள்ளியைத் தவிர்ப்பதும் நம்மூர் அனுபவம். அந்த நாட்களில் வீட்டிலிருந்து பணத்தை வெளியே கொடுக்காத குடும்பங்கள் நிறைய உண்டு. இந்தச் செய்தியில் ஜூன் 3, 10 இரண்டையும் புதன்கிழமையாகப் பார்த்தே குறித்திருக்கிறார்.

மூன்று நாள் பதில் இல்லையென்றால் திரும்பவும் பணத்தைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேட்கலாம்: ‘சார், 4ஆம் தேதி அளவெடுக்க வருவதாக எழுதியிருந்தேன். அந்த நாளை உங்களுக்காக வைத்திருக்கட்டுமா, வேறு நாள் வசதிப்படுமா?’ வேலை உறுதி என்றால் இதற்குப் பதில் வந்துவிடும். உறுதி இல்லையென்றால் அதுவும் தெரிந்துவிடும்.

‘நீங்க ஆரம்பிங்க, பணத்துக்கு என்ன, பார்த்துக்கலாம்’ என்பது நம்மூரில் அடிக்கடி வரும் பதில். சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். அதை மறுக்க வேண்டியதில்லை: ‘உங்க மேல நம்பிக்கை இருக்கு சார். பிளைவுட் கடைக்காரர்தான் ரொக்கம் கேட்கிறார். உங்களுக்கு வசதியென்றால் கடைக்கே நேராகப் பணம் அனுப்பிவிடுங்கள், மொத்தத்தில் கழித்துக்கொள்கிறேன்.’ ஏமாற்றும் எண்ணம் இல்லாதவர்தான் இதைச் சொல்ல முடியும் என்பது கேட்பவருக்கும் புரியும். இதற்கும் நழுவுகிறவரிடம் வேலையைத் தொடங்காமல் இருப்பதே லாபம்.

அட்வான்ஸும் அச்சாரமும்

பேச்சில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். அச்சாரம் என்பது ஒப்பந்தத்தை உறுதிசெய்யக் கொடுக்கும் பணம். கொடுத்தவர் பின்வாங்கினால் இழக்க நேரலாம். அட்வான்ஸ் என்பது விலையின் ஒரு பகுதியை முன்கூட்டியே தருவது. வேலையே நடக்கவில்லையென்றால் அது திரும்ப வர வேண்டிய பணம். ‘அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது’ என்று பில்லில் அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆவது பிரிவில், ஒப்பந்தத்தில் ஒரு தொகை குறித்திருந்தாலும் அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டுக்குத்தான் இடம் தருகிறது. நம் செய்தியில் 5,000 ரூபாய் என்று எதற்கான கூலி என்ற விவரத்தோடு குறித்திருப்பது அதனால்தான் வலுவாக நிற்கும்.

ரொக்கமாக வாங்குவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே வேலை தொடர்பாக 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடுக்கிறது. ஐந்து தவணையாகப் பிரித்தாலும் வேலை ஒன்றுதான். மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கியவருக்கு. எனவே வங்கி வழியே வாங்குவதுதான் சரி. யுபிஐயில் ஒருவருக்கொருவர் அனுப்ப வழக்கமான வரம்பு நாளுக்கு 1 லட்சம் என்பதால், 1,60,000 ரூபாய்க்குக் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி எண்ணையும் கொடுத்துவிடுவது நல்லது.

நம் காண்ட்ராக்டர் ஜிஎஸ்டி பதிவு வரம்புக்குக் கீழே இருப்பவர். பதிவு உள்ளவராக இருந்தால் இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: தொகையில் வரி அடக்கமா, தனியா? வீட்டோடு பொருத்தித் தரும் இப்படிப்பட்ட வேலை சேவைக் கணக்கில் வருவது. சேவைக்கு வாங்கும் முன்பணத்துக்கு, பில் போடும்வரை காத்திராமல், பணம் வந்ததுமே வரிப் பொறுப்பு வந்துவிடும். அதற்கு ரசீது வவுச்சரும் தர வேண்டும். இதைக் கணக்கில் எடுக்காமல் அட்வான்ஸ் வாங்கினால் பிளைவுட்டுக்கு என்று வைத்த பணத்திலிருந்து வரி போகும்.

பணம் வந்ததும் இன்னொரு குறுஞ்செய்தி அவசியம்: ‘ரூ.40,000 வந்து சேர்ந்தது சார், நன்றி. நாளைக் காலை பத்து மணிக்கு அளவெடுக்க வருகிறேன்.’ கேட்கும்போது பத்து வரி எழுதிவிட்டு, வாங்கியதும் மௌனமானால் அந்தப் பத்து வரியின் மேலும் சந்தேகம் விழும்.

நம் காண்ட்ராக்டர் செய்தியை அனுப்பினார் என்று வைத்துக்கொள்வோம். துபாயிலிருந்து ‘ஓகே’ என்று ஒரு சொல் வரலாம். ஊரில் இருக்கும் பெரியவர் எழுத மாட்டார். போனை எடுத்துப் பேசுவார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை வாசித்திருப்பார், ஆனால் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அவர் கேட்கப் போவது இதுவாகத்தான் இருக்கும்: ‘தம்பி, 13ஆம் தேதி வண்டி வரும்ங்கிறீங்க. நம்ம தெரு குறுகலு, லாரி உள்ள வராதே. குட்டியானைல ஏத்திக் கொண்டாரச் சொல்லுங்க.’